நான்கு, நான்கு, ஐந்து: கடைகளின் வாரக்கணக்கு

சில்லறை விற்பனையில் 4-4-5 நாட்காட்டி என்பது ஆண்டை மாதங்களாகப் பிரிக்காமல் முழு வாரங்களாகப் பிரிக்கும் கணக்கு முறை. ஆண்டுக்கு 52 வாரங்கள்; அவை 13 வாரங்கள் கொண்ட நான்கு காலாண்டுகளாகின்றன. ஒவ்வொரு காலாண்டிலும் முதல் பிரிவுக்கு நான்கு வாரம், இரண்டாவதற்கு நான்கு வாரம், மூன்றாவதற்கு ஐந்து வாரம். பிரிவுகளுக்கு ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்றே பெயர் இருக்கும். ஆனால் அவை சுவரில் தொங்கும் காலண்டரின் மாதங்கள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கி ஒரு சனிக்கிழமையில் முடியும். வேறு கிழமையில் வாரத்தைத் தொடங்கும் நிறுவனங்களும் உண்டு. எந்தக் கிழமை என்பது முக்கியமல்ல, அது மாறாமல் இருப்பதுதான் முக்கியம்.

இப்படிப் பிரிப்பதற்குக் காரணம், கடைகளில் எல்லா நாளும் ஒரே நாள் அல்ல என்பதுதான். பல கடைகளில் சனி, ஞாயிறு விற்பனை வார நாள் விற்பனையைப் போல இரு மடங்கு நடக்கும். சாதாரண மாதத்திலோ வார இறுதிகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டே இருக்கும். 2023 ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை பிறந்தது. அதில் நான்கு சனி, நான்கு ஞாயிறு. 2024 ஜூன் பிறந்தது ஒரு சனிக்கிழமை. அதில் ஐந்து சனி, ஐந்து ஞாயிறு. இரண்டுக்கும் 30 நாள்தான்.

லண்டனில் ஒரு துணிக்கடை இருப்பதாகக் கொள்வோம். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு 1,000 பவுண்டு, சனி, ஞாயிறுகளில் நாளுக்கு 2,000 பவுண்டு விற்பனை. இந்த நிலை இரண்டு ஆண்டும் ஒரு பவுண்டுகூட மாறவில்லை. 2023 ஜூனில் 22 வார நாட்களுக்கு 22,000, எட்டு வார இறுதி நாட்களுக்கு 16,000, ஆக மொத்தம் 38,000. 2024 ஜூனில் 20 வார நாட்களுக்கு 20,000, பத்து வார இறுதி நாட்களுக்கு 20,000, ஆக 40,000. கணக்குப் புத்தகத்தில் விற்பனை ஐந்து சதவீதத்துக்கும் மேல் ஏறியிருக்கிறது. கடைக்கு வந்த கூட்டமோ அதே கூட்டம்தான். இந்த ஐந்து சதவீதத்தை நம்பி மேலாளருக்கு ஊக்கத்தொகை கொடுத்தாலோ, அடுத்த பருவத்துக்குச் சரக்கைக் கூட்டிச் சொன்னாலோ, அது நாட்காட்டிக்குக் கொடுத்த பரிசாகத்தான் முடியும்.

இதே கடையை 4-4-5 கணக்கில் பார்த்தால், 2023-இன் 'ஜூன்' மே 28 முதல் ஜூலை 1 வரை. 2024-இன் 'ஜூன்' மே 26 முதல் ஜூன் 29 வரை. இரண்டும் 35 நாள். இரண்டிலும் 25 வார நாள், ஐந்து சனி, ஐந்து ஞாயிறு. இரண்டிலும் விற்பனை 45,000. வளர்ச்சி பூஜ்யம், அதாவது உண்மை நிலவரம். மே மாதக் கடைசித் திங்களன்று பிரிட்டனில் வரும் பொது விடுமுறையும் இரண்டு ஆண்டிலும் இந்த 'ஜூனுக்குள்ளேயே' விழுந்துவிடுகிறது.

மேலே சொன்ன தேதிகள் கற்பனையானவை அல்ல. பிரிட்டனின் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் நாட்டின் சில்லறை விற்பனையை மாதந்தோறும் இந்த 4-4-5 வரிசையில்தான் கணக்கிடுகிறது. அங்கே மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் ஆகியவை ஐந்து வார மாதங்கள். அமெரிக்கக் கடைகளின் தேசியக் கூட்டமைப்பு வெளியிடும் நாட்காட்டி சற்று வேறு, 4-5-4. ஆண்டு பிப்ரவரி வாக்கில் தொடங்குவதால், கடைசிக் காலாண்டில் நவம்பருக்கு நான்கு, டிசம்பருக்கு ஐந்து, ஜனவரிக்கு நான்கு வாரம். வரிசைதான் வேறே தவிர விளைவு ஒன்றே: கிறிஸ்துமஸ் வியாபாரம் நடக்கும் டிசம்பருக்கு இரு நாட்டிலும் ஐந்து வாரம் கிடைத்துவிடுகிறது.

இந்த முறையில் எதை எதோடு ஒப்பிடலாம் என்பதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. இந்த ஆண்டு ஜூனை சென்ற ஆண்டு ஜூனோடு ஒப்பிடலாம். ஒரு காலாண்டை எந்தக் காலாண்டோடும் வைத்துப் பார்க்கலாம், ஏனெனில் எல்லாமே 13 வாரம். ஆனால் அடுத்தடுத்த இரண்டு மாதங்களை மொத்தத் தொகையில் ஒப்பிடக்கூடாது. அதே துணிக்கடை நான்கு வார மே மாதத்தில் 36,000 விற்கும், ஐந்து வார ஜூனில் 45,000 விற்கும். அது 25 சதவீத வளர்ச்சி அல்ல, ஒரு வாரம் கூடுதல், அவ்வளவுதான். இதற்கு மாற்று எளிது: மொத்தத்தை வாரங்களின் எண்ணிக்கையால் வகுத்து வாரச் சராசரியைப் பார்ப்பது. இரண்டு மாதத்திலும் வாரத்துக்கு 9,000 என்று வந்துவிடும். பிரிட்டனின் அலுவலகமும் விற்பனை மதிப்பை வாரச் சராசரியாகத்தான் தருகிறது. செலவுக் கணக்கிலும் இதே கவனம் வேண்டும். வாடகை மாதத்துக்கு ஒரு முறைதான் போகும்; அதை அப்படியே நான்கு வார மாதத்தில் எழுதினால் அந்த மாதம் நஷ்டம் போலவும், ஐந்து வார மாதம் கொழுத்த லாபம் போலவும் தெரியும். அதனால் ஆண்டு வாடகையை 52 பங்காக்கி, வாரக் கணக்கில் பிரித்து எழுதுவார்கள்.

வாரங்களைச் சமமாக்கினாலும், வாரத்துக்குள் நடப்பதை இந்த நாட்காட்டி சமமாக்குவதில்லை. அமெரிக்காவில் தொடங்கி பிரிட்டனிலும் வேரூன்றிவிட்ட 'பிளாக் ஃப்ரைடே' தள்ளுபடி நாள் இதற்கு நல்ல சான்று. அது நவம்பர் நான்காம் வியாழனுக்கு மறுநாள் வருவது. 2023-இல் அது நவம்பர் 24. அந்த ஆண்டு 4-4-5 நவம்பர், அக்டோபர் 29-இல் தொடங்கி நவம்பர் 25-இல் முடிந்தது. ஆகவே தள்ளுபடி நாள் உள்ளே வந்தது, அதுவும் ஒரே ஒரு நாள் மிச்சத்தில். 2024-இல் பிளாக் ஃப்ரைடே நவம்பர் 29. 4-4-5 நவம்பரோ அக்டோபர் 27 முதல் நவம்பர் 23 வரை. தள்ளுபடி நாள் டிசம்பர் கணக்குக்குப் போய்விட்டது.

துணிக்கடைக்கு அந்தத் தள்ளுபடி வாரத்தில் 4,000 பவுண்டு கூடுதலாக வருவதாக வைத்துக்கொண்டால், 2023 நவம்பரில் 40,000, 2024 நவம்பரில் 36,000. பத்து சதவீத வீழ்ச்சி என்று அறிக்கை சொல்லும். டிசம்பர் அறிக்கையில் அதே 4,000 உயர்வாகத் திரும்பி வரும். இதை அடையாளம் காண்பது கடினமில்லை: ஒரு மாதம் விழுந்து அடுத்த மாதம் ஏறக்குறைய அதே தொகைக்கு ஏறினால், விற்பனை குறையவில்லை, விழா நாள் எல்லை தாண்டியிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். இரண்டு மாதங்களையும் சேர்த்தோ, முழுக் காலாண்டாகவோ பார்த்தால் இந்தக் குழப்பம் மறைந்துவிடும். ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறும் ஈஸ்டரிலும் இதே சிக்கல்தான். அது சில ஆண்டுகளில் காலாண்டின் எல்லையையே தாண்டிவிடுவதால் இன்னும் கொஞ்சம் தொல்லை.

இதைவிடப் பெரிய தொல்லை ஆண்டின் நீளத்தில் இருக்கிறது. 52 வாரம் என்றால் 364 நாள். சாதாரண ஆண்டில் ஒரு நாள் மிஞ்சும், லீப் ஆண்டில் இரண்டு. மிஞ்சியதை விட்டுக்கொண்டே போனால் கணக்காண்டின் தொடக்கம் மெல்லப் பின்னால் நகரும். சில பத்தாண்டுகளில் கிறிஸ்துமஸ் அடுத்த ஆண்டின் கணக்கில் விழுந்துவிடும். எனவே ஐந்து அல்லது ஆறு ஆண்டுக்கு ஒரு முறை 53-ஆவது வாரம் ஒன்றைச் சேர்த்து நேர்செய்கிறார்கள். எப்போது சேர்ப்பது என்பது அவரவர் விருப்பம் அல்ல, முன்கூட்டியே வகுத்த விதி. அமெரிக்காவின் டார்கெட் நிறுவனத்தின் ஆண்டு ஜனவரி 31-க்கு மிக அருகில் உள்ள சனிக்கிழமையில் முடிய வேண்டும். 2023 கணக்காண்டை 52 வாரத்தில் நிறுத்தியிருந்தால் அது 2024 ஜனவரி 27-இல் முடிந்திருக்கும், அதாவது நான்கு நாள் முன்பு. ஒரு வாரம் சேர்த்தால் பிப்ரவரி 3, மூன்று நாள் பின்பு. அதுவே அருகில் இருந்ததால் அந்த ஆண்டுக்கு 53 வாரம்.

அதனால் அந்த ஆண்டின் கடைசிக் காலாண்டு 14 வாரமாக நீண்டது. டார்கெட்டின் மொத்த வருவாய் முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட 1.7 சதவீதம் உயர்ந்ததாகக் கணக்கு வந்தது. கூடுதல் வாரம் மட்டுமே சுமார் 170 கோடி டாலர் விற்பனையைத் தந்திருந்தது. ஏற்கெனவே உள்ள கடைகளையும் இணைய விற்பனையையும் சமமான வாரங்களுக்கு ஒப்பிட்ட கணக்கிலோ அதே காலாண்டு 4.4 சதவீதச் சரிவைக் காட்டியது. மறு ஆண்டு கதை தலைகீழானது: 2024-இல் 52 வாரம்தான் என்பதால் மொத்த விற்பனை 0.8 சதவீதம் குறைந்தது. ஒப்பீட்டு விற்பனையோ 0.1 சதவீதம் கூடியிருந்தது.

53-ஆவது வாரத்தைக் கழித்துவிட்டால் மட்டும் போதாது. அது வந்த பிறகு அடுத்த ஆண்டின் ஒவ்வொரு வாரமும் ஒரு படி தள்ளிப்போயிருக்கும். 2024 கணக்காண்டின் இரண்டாம் வாரம் பிப்ரவரி 11 முதல் 17 வரை. காதலர் தினம் அதற்குள் வருகிறது. 2023-இன் இரண்டாம் வாரமோ பிப்ரவரி 5 முதல் 11 வரை. அதில் காதலர் தினம் இல்லை. எண்ணைப் பார்த்து இரண்டாம் வாரத்தை இரண்டாம் வாரத்தோடு ஒப்பிட்டால், சாக்லெட் விற்பனை திடீரென்று பாய்ந்ததாகத் தெரியும். மறுவாரமே சரிந்ததாகவும் தெரியும். இதற்காகச் சென்ற ஆண்டின் வாரங்களை ஒரு படி நகர்த்தித் திருத்திய நாட்காட்டி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வார்கள். அதில் 2024-இன் இரண்டாம் வாரத்துக்கு எதிரே 2023-இன் மூன்றாம் வாரம், அதாவது பிப்ரவரி 12 முதல் 18 வரை நிற்கும். காதலர் தினம் இரண்டு பக்கமும் வந்துவிடும்.

எல்லா நிறுவனமும் ஒரே ஆண்டில் 53-ஆவது வாரத்தைச் சேர்ப்பதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வீட்டு உபயோகப் பொருட்களும் கட்டுமானச் சாமான்களும் விற்கும் ஹோம் டிப்போவின் ஆண்டு, ஜனவரி 31-க்கு மிக அருகில் உள்ள ஞாயிற்றுக்கிழமையில் முடிவது. அந்த ஒரு நாள் வித்தியாசத்தால் அதன் 2023 கணக்காண்டு 52 வாரத்தோடு 2024 ஜனவரி 28-இல் முடிந்தது. கூடுதல் வாரம் 2024 கணக்காண்டில் வந்து, அது 2025 பிப்ரவரி 2 வரை நீண்டது. இந்த இரண்டு நிறுவனங்களின் 2023, 2024 ஆண்டு வளர்ச்சியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர், இரண்டிலும் எத்தனை வாரம் என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். ஆண்டறிக்கையில் விற்பனை அட்டவணையின் தலைப்பிலோ அடிக்குறிப்பிலோ அந்த எண்ணிக்கை பொதுவாக இருக்கும்.