வீடு ஒருவருக்கு, பங்கு மூவருக்கு

தந்தை உயில் எழுதாமல் இறந்தால், அவர் பெயரில் இருந்த வீடு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பிள்ளைகளுக்குச் சமமாகச் சேரும். தாய் இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. கல்யாணத்துக்குச் சீர் செய்தாயிற்று என்பதால் மகளின் பங்கு குறையாது. பிரிக்க முடியாத சிறிய வீடு என்றால், ஒருவர் அதை வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பணம் தருவதாகப் பேச்சு எழும். அந்தப் பேச்சை எழுத்தில் வைப்பதுதான் குடும்ப ஏற்பாட்டுக் கடிதம்.

கடிதம் விலையில் தொடங்குவது நல்லது. சார்பதிவாளர் பார்க்கும் வழிகாட்டி மதிப்பு முத்திரைத் தீர்வைக்கானது. பங்கைக் கணக்கிடச் சந்தை விலையே பொருத்தம். ஓர் உதாரணம்: தாயும் இல்லாத குடும்பத்தில் அக்கா, அண்ணன், தம்பி மூவர். மதிப்பீட்டாளர் சொன்ன விலை 60 லட்சம். குடியிருக்கும் தம்பி தன் பணத்தில் 3 லட்சத்துக்குத் தளம் மாற்றியிருக்கிறார், ரசீதும் உண்டு. அதைக் கழித்தால் 57 லட்சம். தலைக்கு 19 லட்சம். ஆக, தம்பி தரவேண்டியது 38 லட்சம். அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதற்கு ரசீது கிடையாது. அதற்காக மற்றவர்கள் விட்டுக்கொடுப்பதானால், எவ்வளவு என்பதைத் தனி வரியாக எழுதுவது பிற்காலச் சண்டையைத் தவிர்க்கும்.

சிக்கல் பெரும்பாலும் தவணையில் வருகிறது. தம்பி பாதியைக் கொடுத்து, மீதியை இரண்டு வருடத்தில் தருவதாகச் சொல்ல, அக்காவும் அண்ணனும் ‘முழுத்தொகையும் பெற்றுக்கொண்டோம்’ என்ற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடுகிறார்கள். அதன்பின் அவர்கள் கையில் வீட்டின் மீதான உரிமை இல்லை, வராத கடன் மட்டுமே இருக்கும். அதையும் பத்திரத்தின் வாசகமே மறுக்கும். முழுப்பணம் வந்த அன்றே பத்திரம் பதிவது பாதுகாப்பு. முன்னதாகப் பதிந்தே ஆகவேண்டுமென்றால், வந்த தொகை, வராத தொகை, கடைசித் தேதி, மீதிக்கு அந்த வீடே பொறுப்பு என்பவற்றைப் பத்திரத்திலேயே காட்டவேண்டும். அப்போதுதான் வில்லங்கச் சான்றிலும் அது தெரியும்.

மூவரும் ஒப்பமிட்டாலும் கடிதம் மட்டும் வீட்டைக் கைமாற்றாது. ஏற்கெனவே வாய்மொழியாக முடிந்த ஏற்பாட்டை நினைவுக்காகக் குறித்துவைத்தால் பதிவு தேவையில்லை. எழுத்தே உரிமையை உண்டாக்கினால் பதிவு கட்டாயம் என்று காலே வழக்கில் உச்ச நீதிமன்றம் 1976-இல் விளக்கியது. எனவே ‘இன்ன தொகை கிடைத்ததும் விடுதலைப் பத்திரம் எழுதித்தரச் சம்மதம்’ என்ற அளவில் கடிதத்தை நிறுத்துவார்கள். பத்திரத்தைக் கையெழுத்தான நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொடுக்கவேண்டும். பட்டாவும் சொத்துவரியும் அதன்பிறகே தம்பி பெயருக்கு மாறும்.

உடன்பிறந்தவர்களில் ஒருவர் முன்பே இறந்து, அவர் பிள்ளை மைனராக இருந்தால், மற்றவர்கள் ஒத்துக்கொண்டது போதாது. அந்தப் பிள்ளையின் பங்கை விட்டுக்கொடுக்கத் தாய்க்கே நீதிமன்ற அனுமதி வேண்டும்.