கொலாஜன் பவுடரா, மொச்சைக் குழம்பா? முடி கொட்டுறவங்க மாத்திரை வாங்கும் முன் இதைப் படிங்க!

தேனி, கம்பம், போடி என எந்த ஊர் மருந்துக் கடைக்குப் போனாலும் இப்போது ஒரு தட்டு முழுக்க முடி, சருமம், நகத்துக்கான டப்பாக்கள்தான். பயோட்டின் மாத்திரை, பயோட்டின் மிட்டாய், கொலாஜன் பவுடர் என்று வரிசையாக இருக்கின்றன. கடையில் இல்லாததை போனில் ஆர்டர் செய்தால் இரண்டு நாளில் சுருளிப்பட்டிக்கே வந்துவிடுகிறது. நல்ல கொலாஜன் பவுடர் டப்பா ஒன்று ஆயிரம் ரூபாயைத் தாண்டும்.

இந்தப் பணத்துக்குப் பலன் உண்டா, வீட்டில் சாப்பிடும் பருப்பும் முட்டையும் அதே வேலையைச் செய்யாதா? இதுதான் பலருடைய கேள்வி. அதோடு, அதிகம் பேசப்படாத ஒரு விஷயமும் இருக்கிறது. முடி ஏன் கொட்டுகிறது என்று கண்டுபிடிக்க எடுக்கும் ரத்தப் பரிசோதனையையே பயோட்டின் மாத்திரை தப்பாகக் காட்ட வைக்கலாம்.

முடி கொலாஜனால் ஆனதில்லை

முடியும் நகமும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை. கெரட்டினுக்கு உறுதி கொடுப்பது கந்தகம் கலந்த சிஸ்டீன் என்ற அமினோ அமிலம். முடி கருகும்போது வரும் நாற்றம்கூட அந்தக் கந்தகத்தால்தான்.

கொலாஜன் வேறொரு புரதம். தோலின் உள் அடுக்கு, எலும்பு, மூட்டு, தசைநார் ஆகியவற்றில் இருப்பது அது. அதில் சிஸ்டீன் கிட்டத்தட்ட இல்லை. உடம்புக்கு உணவிலிருந்தே கிடைத்தாக வேண்டிய டிரிப்டோபான் என்ற அமினோ அமிலமும் அதில் இல்லை. அதனால் புரதத்தின் தரத்தை அளக்கும் கணக்கில் கொலாஜன் வாங்கும் மதிப்பெண் பூஜ்ஜியம். முட்டையும் பாலும் அதே கணக்கில் உச்சத்தில் இருக்கின்றன. முடி வளர கொலாஜன் குடிப்பது, செங்கல் வீடு கட்ட ஓட்டை இறக்கி வைப்பது மாதிரி.

சருமத்துக்கு? கொலாஜன் பவுடரைக் கரைத்துக் குடித்தால் அது அப்படியே கன்னத்தில் போய் உட்காராது. வயிறும் குடலும் அதை அமினோ அமிலங்களாகவும் மிகச் சிறிய துண்டுகளாகவும் உடைத்துத்தான் ரத்தத்துக்கு அனுப்பும். ஆட்டுக்கால் சூப் குடித்தாலும் இதேதான் நடக்கிறது. சூப் ஆறியதும் கூழாக உறைகிறதே, அது வெந்த கொலாஜன்தான்.

சருமத்தின் ஈரப்பதமும் நெகிழ்வும் கொஞ்சம் கூடியதாகச் சொல்லும் ஆய்வுகளும் இருக்கின்றன. 2025-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 1,474 பேர் பங்கேற்ற 23 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. மொத்தமாகப் பார்த்தபோது பலன் தெரிந்தது. ஆனால், கம்பெனிகளின் பணம் வாங்காத ஆய்வுகளை மட்டும் பிரித்துப் பார்த்தபோது பலன் தெரியவில்லை. தரமான ஆய்வுகளை மட்டும் எடுத்தபோதும் அதே முடிவுதான்.

சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று: கொலாஜன் மீன், மாடு, பன்றி போன்றவற்றின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கப்படுவது. செடிகளில் கொலாஜன் கிடையாது.

ஒரு மாத்திரையில் ஆயிரம் முட்டை

பயோட்டின் ஒரு பி வைட்டமின். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும் என்பது அமெரிக்கக் கணக்கு. வேகவைத்த ஒரு முட்டையில் சுமார் 10 மைக்ரோகிராம் இருக்கிறது. நிலக்கடலை, ஈரல், மீன், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பால் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு.

கடையில் விற்கும் பல மாத்திரைகளில் இருப்பது 10,000 மைக்ரோகிராம். அதாவது, ஆயிரம் முட்டையில் இருக்கும் பயோட்டின் ஒரே மாத்திரையில்! இவ்வளவு தேவைப்படும் அளவுக்கு நமக்குக் குறைபாடு இருக்கிறதா என்றால், சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு அது மிக அரிது. பிறவியிலேயே என்சைம் கோளாறு உள்ளவர்கள், சில வலிப்பு மாத்திரைகளைப் பல வருடம் சாப்பிடுகிறவர்கள், பச்சை முட்டையை நீண்ட நாள் குடிப்பவர்கள் ஆகியோருக்கு வரலாம். பச்சை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்ற புரதம் பயோட்டினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முட்டையை வேகவைத்தால் அந்தப் பிரச்னை இல்லை.

பயோட்டினால் முடியோ நகமோ தேறியதாக மருத்துவ இதழ்களில் பதிவான நோயாளிகளை 2017-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை தேடித் தொகுத்தது. கிடைத்தது 18 பேர். அத்தனை பேருக்கும் அடிப்படையில் வேறொரு கோளாறு இருந்தது. உடையும் நகத்துக்குப் பயோட்டின் கொடுத்துப் பார்த்த சில சிறிய ஆய்வுகள் நல்ல பலனைச் சொல்கின்றன. ஆனால், ஒப்பிட்டுப் பார்க்க வெற்று மாத்திரை கொடுத்த குழு அவற்றில் இல்லை.

'எனக்குக் கேட்டுச்சே!' என்பவர்களுக்கு...

உத்தமபாளையத்தில் 28 வயதுப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். குழந்தை பிறந்து நான்கு மாதம். தலை சீவினால் கொத்துக் கொத்தாக முடி வருகிறது. தோழி சொன்னதைக் கேட்டு 10,000 மைக்ரோகிராம் பயோட்டின் ஆரம்பிக்கிறார். ஆறு மாதத்தில் முடி கொட்டுவது நின்று, நெற்றியோரம் குட்டி முடிகள் முளைக்கின்றன. மாத்திரைதான் காரணம் என்று நம்புகிறார்.

நடந்தது வேறு. கர்ப்ப காலத்தில் உதிராமல் தங்கிய முடிகள், பிரசவமான இரண்டு மூன்று மாதத்தில் ஒன்றாக உதிரத் தொடங்கும். பெரும்பாலும் குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் தானாகவே சரியாகிவிடும். டெங்கு, டைபாய்டு போன்ற கடும் காய்ச்சலுக்குப் பிறகும், பட்டினி டயட்டுக்குப் பிறகும் இதே கதைதான். எதைச் சாப்பிட்டிருந்தாலும் அந்த நேரத்தில் பலன் தெரிந்திருக்கும்.

சரி, அவருக்கு ஆறு மாதம் பொறுக்க மனமில்லை. அலுப்பாக இருக்கிறது, மனசு படபடக்கிறது. தைராய்டாக இருக்குமோ என்று லேபில் ரத்தம் கொடுக்கிறார். அன்று காலையும் பயோட்டின் போட்டிருக்கிறார்.

பல லேப் மெஷின்களில் ரத்தத்தில் உள்ள ஹார்மோனைப் பிடிக்க பயோட்டினையே ஒரு கொக்கியாகப் பயன்படுத்துகிறார்கள். ரத்தத்தில் ஏற்கெனவே பயோட்டின் நிரம்பி வழிந்தால், அது கொக்கி மாட்டும் இடங்களைப் பிடித்துக்கொள்ளும். மெஷின் ஏமாந்துபோகும். டி.எஸ்.ஹெச். அளவு உண்மையைவிடக் குறைவாகவும், டி4 அளவு அதிகமாகவும் வரும். ரிப்போர்ட்டைப் பார்த்தால் தைராய்டு அதிகமாகச் சுரப்பது மாதிரியே இருக்கும். மாத்திரை விஷயம் தெரியாத டாக்டர், இல்லாத நோய்க்கு மருந்து எழுதும் நிலை வரலாம். தைராய்டு குறைவாகச் சுரக்கும் ஒருவருக்கு ரிப்போர்ட் நார்மல் என்று வந்து, உண்மையான நோய் மறைந்தும் போகலாம். முடி கொட்ட அதுவும் ஒரு காரணம்!

மாரடைப்பைக் கண்டறியும் டிரோபோனின் பரிசோதனையிலும் சில மெஷின்களில் அளவு குறைவாக வரும். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2017-ல் இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. பயோட்டின் அதிகம் சாப்பிட்டு வந்த ஒருவருக்கு டிரோபோனின் அளவு தவறாகக் குறைவாக வந்ததையும், அவர் இறந்துபோனதையும் அதில் குறிப்பிட்டிருந்தது.

அதனால் தைராய்டு டெஸ்ட் எடுக்கக் குறைந்தது இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்த வேண்டும். அதிக டோஸ் எடுப்பவர்களும் சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்களும் எத்தனை நாள் என்பதை டாக்டரிடம் கேட்க வேண்டும். நெஞ்சுவலி என்றால் இரண்டு நாள் காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், 'பயோட்டின் சாப்பிடுறேன்' என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 'முடிக்கும் நகத்துக்கும்' என்று எழுதியிருக்கும் மல்ட்டி வைட்டமினிலும் பயோட்டின் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

கம்பம் பள்ளத்தாக்கு தட்டில் எவ்வளவு புரதம்?

55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 46 கிராம் புரதம் தேவை என்கிறது ஐ.சி.எம்.ஆர். பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு இதைவிட அதிகம்.

விடியற்காலையில் ஜீப் ஏறி கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் தட்டைப் பார்ப்போம். காலையில் சட்னியோடு மூன்று இட்லி, தூக்குவாளியில் ரசம் சோறும் ஊறுகாயும், இரவு இரண்டு தோசை, நடுவில் இரண்டு டீ. எல்லாம் சேர்த்தாலும் புரதம் 25 கிராமைத் தாண்டுவது கஷ்டம். பாதிதான் கிடைக்கிறது.

இதே சாப்பாட்டில் மூன்று மாற்றங்கள் செய்வோம். மதியம் ரசத்துக்குப் பதில் மொச்சையோ தட்டாம்பயறோ போட்ட குழம்பு. ஒரு கைப்பிடிப் பயறில் 9 கிராம் கிடைக்கும். சாயங்காலம் ஒரு கைப்பிடி அவிச்ச நிலக்கடலை, 7 கிராம். இரவு ஒரு முட்டை, 6 கிராம். இதோடு சட்னியை சாம்பாராக்கினால் 47-ஐத் தொட்டுவிடலாம். முட்டை வேண்டாம் என்பவர்கள் ஒரு டம்ளர் பால் குடிக்கலாம். பயறில் குறைவாக இருக்கும் கந்தகச் சத்துள்ள அமினோ அமிலத்தை அரிசி ஈடுகட்டும். சோறும் பயறும் சேரும்போது முடிக்குத் தேவையானது கிடைத்துவிடுகிறது.

ஒரு ஸ்பூன், அதாவது 10 கிராம் கொலாஜன் பவுடரில் கிடைப்பது 9 கிராம் புரதம், அதுவும் முழுமையில்லாதது. ஒன்றரை முட்டையில் அதே அளவு முழுமையான புரதம் இருக்கிறது.

தோலுக்கான கொலாஜனை உடம்பே தயாரிக்கும். அதற்கு வைட்டமின் சி கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் ஈறு வீங்கி, புண் ஆறாமல் ஸ்கர்வி நோய் வரும். தினம் ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ அதற்குப் போதும்.

முதலில் இரும்பைப் பாருங்க

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக தேசியக் குடும்ப நல ஆய்வு (2019-21) சொல்கிறது. பயோட்டின் குறைபாடு அபூர்வம். இரும்புச்சத்துக் குறைபாடு வீட்டுக்கு வீடு. முடி கொட்டுவது, நகம் உடைவது, மூச்சு வாங்குவது மூன்றும் சேர்ந்திருந்தால் முதல் சந்தேகம் இரும்பின் மேல்தான் வர வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடலாம். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் முடி கொட்டினால், உடம்பில் சேமிப்பில் உள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் டெஸ்ட்டைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அதையும் பயோட்டினை நிறுத்திவிட்டு எடுப்பதே நல்லது.

முருங்கைக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை. நாடெங்கும் பயிராகும் பி.கே.எம்.-1 ரக முருங்கையே பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவானதுதான். கீரையில் உள்ள இரும்பு உடம்பில் முழுசாகச் சேராது என்பதால், எலுமிச்சைச் சாறு சேர்த்துச் சாப்பிடுங்கள். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் இரும்பு சேர்வது இன்னும் குறையும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். ரத்தசோகை உறுதியாகிவிட்டால் கீரை மட்டும் போதாது, டாக்டர் தரும் இரும்பு மாத்திரை வேண்டும்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

தினமும் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. வட்ட வட்டமாக முடி போவது, வகிடு அகலமாகிக்கொண்டே வருவது, மாதவிலக்கு தாறுமாறாகி முகத்தில் முடி முளைப்பது, உதிர்தல் ஆறு மாதத்தைத் தாண்டுவது - இவற்றில் எது இருந்தாலும் உணவும் மாத்திரையும் மாற்றிப் பார்த்துக் காலம் கடத்த வேண்டாம். க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் மருத்துவப் பிரிவில் காட்டலாம். போகும்போது வீட்டில் சாப்பிடும் மாத்திரை, பவுடர் டப்பாக்களை மறக்காமல் பையில் எடுத்துப் போங்கள்.

முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். கை நகம் அடியிலிருந்து நுனிவரை புதிதாக வர ஆறு மாதமாகும். இன்று தட்டில் வைக்கும் மொச்சையும் முட்டையும் சீப்பில் தெரிய மூன்று, நான்கு மாதமாவது பொறுக்க வேண்டும்.