எடை ஏறுகிறது, உடம்பு கரைகிறது

கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்த நோயாளியை அழைத்து வரும் வீட்டார் மருத்துவரிடம் வழக்கமாகச் சொல்வது இது: “எடை ஏறிக்கிட்டேதாங்க இருக்கு. ஆனா கை காலெல்லாம் குச்சியாப் போச்சு.” இந்த இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி நடக்கும் என்று அவர்கள் குழம்புவார்கள். உண்மையில் இரண்டுமே சரி. தராசில் ஏறுவது வயிற்றில் சேரும் தண்ணீர். இளைப்பது தசை. தராசு இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டுவதால் உள்ளே நடக்கும் இழப்பு வெளியே தெரிவதில்லை.

வளவனூரிலிருந்து ஒருவர் இந்த நோய்க்காக விழுப்புரம் பக்கம் போனால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கிழக்கே போனால் புதுச்சேரி ஜிப்மர். எங்கே போனாலும் முதலில் எடை பார்ப்பார்கள். அந்த எண்ணை அப்படியே நம்பினால் என்ன ஆகும் என்பதை ஒரு கணக்கால் பார்க்கலாம்.

ஐம்பது வயது தாண்டிய ஒரு விவசாயி என்று வைத்துக்கொள்வோம். உயரம் 165 சென்டிமீட்டர். வயிறு இறுகிப் புடைத்திருக்கிறது, இரண்டு கால்களிலும் வீக்கம். தராசு 70 கிலோ காட்டுகிறது. உயரத்துக்கு ஏற்ற எடையைக் கணக்கிடும் பி.எம்.ஐ. அளவு 25.7 வருகிறது. இந்தியர்களுக்கு 25-க்கு மேல் போனாலே உடல் பருமன் என்று கொள்வது வழக்கம். அட்டையில் இந்த எண்ணை மட்டும் பார்ப்பவர் இவரைச் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லிவிடக்கூடும். அதைவிட ஆபத்தான அறிவுரை இவருக்கு வேறில்லை.

தண்ணீரைக் கழித்தால் எஞ்சும் எடையை உலர் எடை என்கிறார்கள். அதைக் கண்டறிய மூன்று வழிகள் உண்டு. வயிறு வீங்குவதற்கு முன் எங்காவது எடை பார்த்துக் குறித்திருந்தால் அது ஒரு நல்ல ஆதாரம். பழைய மருத்துவச் சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது இதற்காகவே பயன்படும். வயிற்றில் ஊசி செலுத்தித் தண்ணீர் எடுத்த உடனே பார்க்கும் எடை இரண்டாவது. இரண்டும் இல்லாதபோது, பார்த்த எடையிலிருந்து ஒரு பங்கைக் கழிக்கிறார்கள். ஐரோப்பியக் கல்லீரல் ஆய்வுச் சங்கம் 2019-ல் வெளியிட்ட ஊட்டச்சத்து வழிகாட்டியில் அந்தப் பங்கு சொல்லப்பட்டிருக்கிறது: நீர் கொஞ்சமாக இருந்தால் நூற்றுக்கு 5, நடுத்தரமாக இருந்தால் 10, அதிகமாக இருந்தால் 15. இரண்டு கால்களும் வீங்கியிருந்தால் கூடுதலாக இன்னொரு 5.

நம் விவசாயிக்கு 15-உம் 5-உம் சேர்த்து 20 பங்கு கழிக்க வேண்டும். 70 கிலோவில் அது 14 கிலோ. ஆக உலர் எடை 56 கிலோ, பி.எம்.ஐ. 20.6. பருமன் என்று எழுதப்பட இருந்தவர் பருமனே இல்லாதவர் என்பது இப்போது தெரிகிறது.

இது மதிப்பீடுதான். மறுநாள் இவர் வயிற்றிலிருந்து 8 லிட்டர் எடுத்தார்கள் என்றால் தராசு சுமார் 62 காட்டும். கால் வீக்கம் அப்படியே இருக்கும். வயிற்றில் மீந்த நீரும் கொஞ்சம் இருக்கும். கால் வீக்கத்துக்கு 5 பங்கு கழித்தால் 59 வரும். 56-க்கும் 59-க்கும் இடையில் எங்கோ உண்மை இருக்கிறது. அந்த மூன்று கிலோ வேறுபாடு சாப்பாட்டுத் திட்டத்தைப் பெரிதாக மாற்றாது. 70 என்ற எண்ணை வைத்துக்கொண்டு “நன்றாகத்தான் இருக்கிறார்” என்று விட்டுவிடுவதுதான் எல்லாவற்றையும் கெடுக்கும்.

எடையைத் தனியாக நம்ப முடியாது என்பதால் தசையை நேராகவே பார்க்க வேண்டியிருக்கிறது. இதற்கு மேல்கை நல்ல இடம், ஏனென்றால் வயிற்றிலும் காலிலும் சேருவதுபோல் அங்கே நீர் அவ்வளவாகச் சேருவதில்லை. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் தையல்காரரின் டேப்பைச் சுற்றி அளந்து குறித்து, அடுத்த மாதம் அதே இடத்தில் மறுபடி அளக்கலாம். கைப்பிடி வலிமையைக் காட்டும் சிறு கருவி மருத்துவமனையில் இருந்தால், ஆணுக்கு 28 கிலோவுக்கும் பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் கீழே போவது ஆசியர்களிடம் தசை பலவீனத்தின் அடையாளம். நெற்றிப்பொட்டு குழிவது, கழுத்தெலும்பு துருத்துவது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியாமல் போவது ஆகியவற்றை வீட்டிலேயே கவனிக்கலாம். ரத்தத்தில் ஆல்புமின் குறைந்திருப்பதைப் பார்த்துச் சத்துக் குறைவை அளவிடுவது இந்த நோயில் சரிவராது. ஆல்புமினைச் செய்வதே கல்லீரல். அதுவே பழுதுபட்டிருக்கும்போது நன்றாகச் சாப்பிடுபவருக்கும் அந்த அளவு குறைவாகத்தான் இருக்கும்.

தசை ஏன் இப்படிக் கரைகிறது? முக்கியக் காரணம் இரவு. நலமான கல்லீரல் பகலில் சாப்பிட்டதிலிருந்து சர்க்கரையைக் கிளைக்கோஜனாகச் சேமித்து, தூங்கும் நேரத்தில் சிறிது சிறிதாக ரத்தத்துக்குக் கொடுக்கும். சுருங்கித் தழும்பேறிய கல்லீரலில் அந்தச் சேமிப்புக்கு இடமில்லை. நள்ளிரவுக்குள் கையிருப்பு தீர்ந்துவிடும். மூளைக்குச் சர்க்கரை தேவைப்படுவது நிற்காதே. அதனால் உடம்பு தசையை உடைத்து அந்தப் புரதத்திலிருந்து சர்க்கரை செய்துகொள்கிறது. நலமான ஒருவர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடலில் ஏற்படும் நிலை, இந்த நோயாளிக்கு ஒரே ராத்திரியில் ஏற்பட்டுவிடுகிறது.

நம் ஊர்ப் பழக்கம் இதை இன்னும் கடுமையாக்குகிறது. வயிறு நீரால் அழுத்தப்படுவதால் இரண்டு வாய் சாப்பிட்டதுமே நிறைந்துவிட்டதுபோல் இருக்கும். இரவு ஏழு மணிக்கு இரண்டு இட்லியோடு எழுந்துவிடுவார். மறுநாள் காலைச் சாப்பாடு எட்டரைக்கு. நடுவில் பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேலே பட்டினி, அதுவும் தினமும்.

இதற்கான மருந்து படுக்கப் போகும் முன் சாப்பிடும் ஒரு சிறு உணவு. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 103 கல்லீரல் சுருக்க நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். முடிவு 2008-ல் வெளியானது. இரு பிரிவினருக்கும் ஒரே கூடுதல் சத்துணவு, சுமார் 710 கலோரி. ஒரு பிரிவினர் பகலில் குடித்தார்கள், மற்றவர்கள் இரவு ஒன்பதுக்கு மேல் குடித்தார்கள். ஓராண்டில் இரவில் குடித்தவர்களின் உடலில் ஏறத்தாழ இரண்டு கிலோ தசைத் திசுவுக்குச் சமமான புரதம் கூடியது. பகலில் குடித்தவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. என்ன சாப்பிடுகிறோம் என்பதோடு எந்த நேரத்தில் சாப்பிடுகிறோம் என்பதும் தசையைத் தீர்மானிக்கிறது என்பதை அந்த ஆய்வு தெளிவாக்கியது.

படுக்கும் முன் சாப்பிடும் இந்த உணவில் குறைந்தது 50 கிராம் மாவுச்சத்து இருக்க வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. விழுப்புரம் பக்கத்து வீடுகளில் அதற்கு டப்பா மாவு தேடிப் போகத் தேவையில்லை. 60 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 40 கிராம் மாவுச்சத்து. அதைக் காய்ச்சி ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி, பால் சேர்த்தால் இன்னொரு 10 கிராம். கணக்கு நேராகிவிடும், கூடவே 10 கிராம் புரதமும் கிடைத்துவிடும்.  இந்த நோயாளிகளில் பலருக்குச் சர்க்கரை நோயும் இருக்கும். அவர்கள் கஞ்சியில் வெல்லமோ சர்க்கரையோ சேர்க்காமல், மருத்துவரிடம் சொல்லி இரவு மாத்திரை அல்லது இன்சுலின் அளவைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது புரதம். இந்த இடத்தில்தான் நம் வீடுகளில் பத்தியம் குறுக்கே வருகிறது. மஞ்சள் காமாலை என்றாலே முட்டை, மீன், தயிர், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தி, ரசம் சோறும் மோருமாக ஓட்டுவது பல தலைமுறைப் பழக்கம். மருத்துவர்களும் நெடுங்காலம் அதற்குத் துணையாக இருந்தார்கள். ரத்தத்தில் அம்மோனியா ஏறி நோயாளி குழம்பிப்போவது, மயங்குவது என்றெல்லாம் நடக்கும்போது, புரதத்திலிருந்துதானே அம்மோனியா வருகிறது என்று அதைக் குறைத்தார்கள். 2004-ல் பார்சிலோனா மருத்துவர்கள் மூளைக் குழப்பத்தோடு சேர்ந்த நோயாளிகளில் ஒரு பிரிவினருக்குப் புரதத்தைக் குறைத்தும் மற்றவர்களுக்கு வழக்கமான அளவு கொடுத்தும் பார்த்தார்கள். குறைத்ததால் குழப்பம் சீக்கிரம் தெளியவில்லை; உடலின் புரதம் உடைவதுதான் அதிகமானது.

காரணம் எளிது. கல்லீரல் சோர்ந்துபோனால் அம்மோனியாவை அகற்றும் வேலையில் பெரும்பங்கைத் தசைதான் ஏற்கிறது. தசையைப் பட்டினி போட்டால் அந்த வழியும் அடைபடும். எனவே இன்றைய பரிந்துரை உலர் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம். கலோரி கிலோவுக்குக் குறைந்தது 35. நம் விவசாயியின் 56 கிலோவுக்குப் புரதம் 67 முதல் 84 கிராம். கலோரி சுமார் 1,960.

அதை ஒரு நாளில் இப்படிப் பிரிக்கலாம். காலையில் மூன்று இட்லி, கெட்டியான சாம்பார், ஒரு அவித்த முட்டை: 16 கிராம். பதினொரு மணிக்கு ஒரு டம்ளர் பாலும் உப்பு போடாத வேர்க்கடலை ஒரு கைப்பிடியும், அதாவது 30 கிராம்: 13.   மதியம் சோறு, கெட்டிப் பருப்பு, ஒரு துண்டு மீன்: 26. மாலையில் 50 கிராம் கொண்டைக்கடலையில் சுண்டல்: 9. இரவு மூன்று இட்லி அல்லது தோசை, சாம்பாரோடு: 9. படுக்கும் முன் பால் சேர்த்த கேழ்வரகுக் கஞ்சி: 10. கூட்டினால் 83. வயிறு அழுத்துவதால் மூன்று வேளை நிறையச் சாப்பிட முடியாது. ஆறு வேளை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட முடியும். மீனும் முட்டையும் சாப்பிடாதவர்கள் பருப்பு, தயிர், கடலையைக் கூட்டிக்கொள்ளலாம். குழப்பம் வந்து போகிறவர்களுக்குப் பயறு, பால் வகைப் புரதம் மாமிசத்தைவிட நன்றாக ஒத்துக்கொள்ளும்.

உப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நீர் கோத்தவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 5 கிராம், ஒரு தேக்கரண்டி உப்பு, போதும். கருவாடு, ஊறுகாய், அப்பளம், கடை மிக்சர் வேண்டாம். ஆனால் உப்பை முழுவதும் நிறுத்திவிட்டால் சோறு இறங்காது. சாப்பாடே குறைந்து தசைதான் போகும். எலுமிச்சை, சீரகம், மிளகு, புளி கொண்டு சுவை கூட்டுங்கள்.

தண்ணீர் எடுக்கும் ஒவ்வொரு முறையும் லிட்டருக்குச் சுமார் 10 கிராம் புரதமும் சேர்ந்தே வெளியேறுகிறது. 8 லிட்டர் எடுத்தால் 80 கிராம், அதாவது ஒரு நாள் முழுவதும் சாப்பிட வேண்டிய அளவு. அதனால் தண்ணீர் எடுத்து வயிறு இளகிய அடுத்த சில நாட்கள்தான் நன்றாகச் சாப்பிட வைக்க ஏற்ற காலம். “வயிறு வத்திடுச்சு, இனிப் பத்தியமா இருக்கட்டும்” என்று அப்போது நிறுத்துவது நேர்மாறான செயல்.

வீட்டில் இப்படியொரு நோயாளி இருந்தால், அடுத்த முறை மருத்துவமனையில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: தண்ணீரைக் கழித்தால் இவர் எடை எவ்வளவு? அந்த எடைக்கு எத்தனை கிராம் புரதம்? இரவு படுக்கும் முன் என்ன கொடுக்கலாம்? பதிலைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். அன்றிரவிலிருந்தே கஞ்சியைத் தொடங்கிவிடலாம்.