உங்களுக்குத் தெரியுமா? போனில் மாத்திரை சொல்லும்போது...

"எம் ஒன்னு, ரெண்டு அட்டை அனுப்புங்க." இந்த ஒரு வரி போனில் தப்பாகக் கேட்டால் சர்க்கரை மருந்தின் அளவே மாறிவிடும், தெரியுமா? கிளிமிபிரைடும் மெட்பார்மினும் சேர்ந்த மாத்திரைகளில் எம்1, எம்2 என்று வகைகள் உண்டு. எம்1-இல் கிளிமிபிரைடு 1 மில்லிகிராம், எம்2-இல் 2 மில்லிகிராம். கம்பெனிப் பெயர் ஒன்றே, அட்டையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. கூட்ட நேரத்தில் கடைப் பையன் காதில் 'எம் ரெண்டு' என்று விழுந்துவிட்டால், வீட்டுக்கு வருவது இரட்டிப்பு அளவு.

அதை விழுங்கிவிட்டுச் சாப்பிடவும் தாமதமானால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சில் குழப்பம் இவைதான் அடையாளம். வயசான காலத்து மயக்கம் என்று படுக்க வைத்துவிடாதீர்கள். நினைவு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். தெளிந்த பிறகு ஏதாவது சாப்பிடக் கொடுத்து, டாக்டரிடம் பேசுங்கள். இந்த மருந்தின் வேகம் பல மணி நேரம் நிற்கும் என்பதால் சர்க்கரை மறுபடியும் இறங்கக்கூடும். தனியே விட்டுப் போக வேண்டாம். நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அப்படியானால் எப்படிச் சொல்வது? காலி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாகப் படியுங்கள்: மாத்திரையின் பெயர், பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்து, அதற்கடுத்த எண், கடைசியில் எத்தனை மாத்திரை. டெல்மிசார்ட்டன் 40 வேறு, அதோடு 'எச்' சேர்ந்தது வேறு. எச் இருந்தால் நீர் பிரியும் மருந்தும் உள்ளே இருக்கிறது. எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லுங்கள். 'ஃபிப்டீன்', 'ஃபிப்டி' இரண்டும் போனில் ஒன்றாகவே கேட்கும். 'ஒன்று, ஐந்து' என்றால் குழப்பம் இல்லை. சொல்லி முடித்ததும், "எழுதினதை ஒரு தரம் படிச்சுக் காட்டுங்க தம்பி" என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் இதற்குச் சலித்துக்கொள்ள மாட்டார். டாக்டர் சீட்டையும் வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பிவிட்டால் அவர் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்.

ஓர் அட்டை என்றால் பத்து மாத்திரை என்று கணக்குப் போடுகிறீர்களா? பதினைந்து உள்ள அட்டைகளும் நிறைய உண்டு. காலை ஒன்று, இரவு ஒன்று என்றால் மாதத்துக்கு அறுபது. ஆறு அட்டை கேட்டால் சில மாத்திரையில் அறுபது வரும், சிலதில் தொண்ணூறு வரும். ஆகவே அட்டைக் கணக்கு வேண்டாம், "அறுபது மாத்திரை" என்றே சொல்லுங்கள்.

அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது காலாவதி தேதி கடையிலேயே தங்கிவிடலாம். பேட்ச் எண்ணும் தேதியும் பெரும்பாலும் அட்டையின் ஒரு ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். தேதி உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். மாத்திரையை எதிர் ஓரத்திலிருந்து பிரித்துக்கொண்டு வந்தால் கடைசி மாத்திரை வரைக்கும் தேதி கண்ணில் இருக்கும்.

இன்சுலின் வந்தால் பையனை வாசலிலேயே நிறுத்திப் பையைத் தொட்டுப் பாருங்கள். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஐஸ் கட்டி உருகி வெதுவெதுப்பாக வந்தாலும் சரி, உறைந்து கல்லாக வந்தாலும் சரி, திருப்பி அனுப்புங்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகிய பிறகும் பயன்படாது.

மளிகைக் கடையிலும் ஒரு சங்கதி. கேட்ட உப்பு இல்லையென்றால், 'பிரஷருக்கு நல்லது' என்று சோடியம் குறைந்த உப்பைப் பாக்கெட் மாற்றிப் போட்டுவிடுவார்கள். அதில் சோடியத்தில் ஒரு பங்குக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், டெல்மிசார்ட்டன் போன்ற ரத்தக்கொதிப்பு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தடுமாற அது வழி செய்யலாம். டாக்டரைக் கேட்காமல் சமையலில் சேர்க்க வேண்டாம். ஆர்டர் கொடுக்கும்போதே, "இல்லாததுக்குப் பதிலா வேற போடாதீங்க, போன் பண்ணிக் கேளுங்க" என்று சொல்லிவிடுவது நல்லது.

கடையிலிருந்து பேசுகிறோம், பணம் திரும்ப வருகிறது, பின் நம்பரைப் போடுங்கள் என்று யாராவது போனில் சொன்னால்? யுபிஐ-யில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. கொடுப்பதற்குத்தான் தேவை. போனை வைத்துவிட்டு, வழக்கமாகக் கூப்பிடும் கடை நம்பருக்கு நீங்களே பேசிப் பாருங்கள். பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் 1930-க்குச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணத்தை வழியிலேயே முடக்க அவ்வளவு வாய்ப்பு.