எங்கே தொடங்கினாலும் ஒரே சீட்டு

ஒரு சீட்டுக்கட்டில் ஜோக்கர்களை எடுத்துவிட்டு, மீதி 52 சீட்டுகளையும் நண்பரிடம் கொடுத்து நன்றாகக் கலைக்கச் சொல்லுங்கள். ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணை அவர் மனதுக்குள் நினைத்துக்கொள்ளட்டும். பிறகு கட்டை வாங்கி, ஒவ்வொரு சீட்டாக முகம் தெரியும்படி மேசையில் போட்டுக்கொண்டே வாருங்கள். அவர் நினைத்தது 4 என்றால், நான்காவதாக விழும் சீட்டு அவருடைய முதல் சீட்டு. அது ஒன்பதாக இருந்தால், அதற்கு அடுத்த சீட்டிலிருந்து ஒன்பது எண்ணி, அங்கே விழும் சீட்டுக்குத் தாவ வேண்டும். அந்தச் சீட்டில் உள்ள எண் அடுத்த தாவலைச் சொல்லும். ஏஸுக்கு மதிப்பு 1. ஜாக், ராணி, ராஜா மூன்றுக்கும் 5. இப்படியே போய், தாவப் போதுமான சீட்டுகள் இல்லாத கட்டத்தில் அவர் கடைசியாக நின்ற சீட்டு எதுவோ, அதுதான் ரகசியச் சீட்டு. அதை அவர் யாரிடமும் சொல்வதில்லை.

கட்டு முழுவதும் போட்டு முடிந்ததும் நீங்கள் ஒரு சீட்டைத் தொட்டு, “இதுதானே?” என்று கேட்கிறீர்கள். நூற்றுக்கு ஏறக்குறைய எண்பத்தைந்து தடவை அவர் தலையாட்டுவார்.

இதில் கை வேகமோ, குறியிட்ட சீட்டுகளோ கிடையாது. சீட்டுகளைப் போடும்போது நீங்களும் ஓசையில்லாமல் அதே எண்ணிக்கையைச் செய்துகொண்டிருந்தீர்கள், அவ்வளவுதான். அவர் எங்கே தொடங்கினார் என்பது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் முதல் சீட்டிலிருந்தே தொடங்கினீர்கள். ஆனாலும் இருவரும் கடைசியில் ஒரே சீட்டில் வந்து நிற்கிறீர்கள்.

இதைக் கண்டுபிடித்தவர் மார்ட்டின் குரூஸ்கல் என்ற அமெரிக்க இயற்பியலாளர். கலையாமல் ஓடும் ‘சாலிட்டான்’ அலைகள் பற்றிய ஆய்வால் பெயர் பெற்றவர். 1978இல் மார்ட்டின் கார்ட்னர் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் தம் பத்தியில் இதை எழுதியதும் பலருக்குத் தெரியவந்தது. இன்றும் இதற்குக் ‘குரூஸ்கல் எண்ணிக்கை’ என்றே பெயர்.

ஒரு கட்டை விரித்துப் பார்த்தால் விஷயம் பிடிபடும். கலைத்த கட்டின் முதல் பதினைந்து சீட்டுகள் இப்படி வந்ததாக வைத்துக்கொள்வோம்: 7, 4, ராஜா, 9, 2, ஜாக், 3, 6, ஏஸ், ராணி, 8, 2, 10, 5, 4. பிறகு வருவனவற்றில் பத்தொன்பதாவது சீட்டு 3, இருபத்திரண்டாவது ஏஸ்.

நீங்கள் முதல் சீட்டான ஏழில் தொடங்கி எட்டாவது இடத்துக்கு வருகிறீர்கள். அங்கே 6, ஆகவே பதினான்கு. அங்கே 5; ஆகவே பத்தொன்பது. நண்பர் நினைத்தது 5 என்றால், ஐந்தாவது சீட்டு 2, ஏழாவது 3, பத்தாவது ராணி, பதினைந்தாவது 4. அங்கிருந்து நான்கு தள்ளி அவரும் பத்தொன்பதுக்கு வந்துவிடுகிறார். இனி இருவருக்கும் பாதை ஒன்றுதான். அடுத்த தாவலைச் சீட்டுதான் தீர்மானிக்கிறது. எந்த வழியாக அங்கே வந்தோம் என்பதற்கு அதில் இடமே இல்லை. எனவே ஒரு முறை சந்தித்தவர்கள் பிறகு பிரிய முடியாது.

மற்ற எண்களையும் தொடர்ந்து பாருங்கள். நான்கைத் தவிர எல்லாமே பத்தொன்பதில் வந்து சேர்கின்றன. நான்கில் தொடங்கியவர் மட்டும் ஒன்பது தாவிப் பதின்மூன்றுக்கும், அங்கிருந்து பத்து தாவி இருபத்து மூன்றுக்கும் போகிறார். ஆனால் பத்தொன்பதில் நின்றவர்கள் மூன்று தாவி இருபத்திரண்டுக்கு வந்து, அங்கே உள்ள ஏஸால் ஒன்று நகர்ந்து அதே இருபத்து மூன்றைப் பிடித்துவிடுகிறார்கள். கட்டில் பாதிகூட முடியவில்லை. பத்துப் பாதைகளும் ஒன்றாகிவிட்டன. இது சற்றுச் சாதகமான கட்டு. சில கட்டுகளில் நாற்பதாவது சீட்டு வரைகூட இழுக்கும், சிலவற்றில் சேராமலே போகும்.

எண்பத்தைந்து என்ற கணக்கு எங்கிருந்து வருகிறது? பதின்மூன்று வகைச் சீட்டுகளின் மதிப்பையும் கூட்டினால் 70. அதைப் பதின்மூன்றால் வகுத்தால் ஒரு தாவலின் சராசரி நீளம் 5.4 அளவில் வரும். அதாவது, மேசையில் கிடக்கும் சீட்டுகளில் ஏறக்குறைய ஐந்துக்கு ஒன்று உங்கள் பாதையில் இருக்கிறது. நண்பர் ஒவ்வொரு முறை தாவி இறங்கும்போதும் உங்கள் சீட்டில் விழ அதே அளவு வாய்ப்பு. தப்பிக்க ஐந்தில் நான்குக்குச் சற்று அதிகம். ஒரு முறை தப்பிப்பது எளிது. ஆனால் 52 சீட்டுகளில் அவர் ஒன்பது, பத்து முறை இறங்க வேண்டியிருக்கிறது, ஒவ்வொரு முறையும் தப்பிக்க வேண்டும். 0.81ஐ ஒன்பது தடவை பெருக்கிப் பாருங்கள்: 0.15 கிடைக்கும். தோராயமான கணக்குத்தான், ஆனாலும் சரியான விடைக்கு மிக அருகில் நிற்கிறது.

படச் சீட்டுகளுக்கு ஐந்து வைத்ததன் காரணமும் இதில்தான் இருக்கிறது. அவற்றைப் பத்தாக எண்ணினால் சராசரித் தாவல் ஆறரையாக நீளும், இறங்கும் முறைகள் எட்டாகக் குறையும், நான்கில் ஒரு தடவைக்கு மேல் வித்தை தோற்கும். மாறாக, இரண்டு கட்டுகளைச் சேர்த்து 104 சீட்டுகளில் செய்தால் வெற்றி 95 சதவீதத்தைத் தாண்டும். நீங்கள் நடுவில் எங்கோ தொடங்காமல் முதல் சீட்டில் தொடங்குவதும் சந்திப்புக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுக்கிறது.

தாவல்கள் கலவையாக இருப்பது மிக முக்கியம். 2, 4, 6, 8, 10 ஆகிய இரட்டை எண் சீட்டுகளை மட்டும் வைத்து ஆடிப் பாருங்கள். ஒற்றைப்படை இடத்தில் தொடங்கியவர் கடைசிவரை ஒற்றைப்படையிலேயே இருப்பார், இரட்டைப்படையில் தொடங்கியவர் இரட்டைப்படையிலேயே இருப்பார். ஆயிரம் சீட்டுகள் போட்டாலும் சந்திக்க மாட்டார்கள். ஏஸ், மூன்று, ஐந்து போன்றவைதான் அந்த இடைவெளியை உடைக்கின்றன.

நடைமுறையில் அடிக்கடி கெடுவது எண்ணிக்கைதான். பலர் நிற்கும் சீட்டையே ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கிவிடுவார்கள். அதனால் முதல் சில சீட்டுகளை வைத்து ஓர் ஒத்திகை காட்டிவிடுவது நல்லது. தொடக்கத்தில் நேரும் ஒரே ஒரு தவறு பெரும்பாலும் பாதிப்பதில்லை. அவர் இன்னொரு பாதைக்கு மாறினாலும் அந்தப் பாதையும் உங்களுடையதில் சேர நேரம் இருக்கிறது. கட்டின் கடைசிப் பத்துச் சீட்டுகளுக்குள் நேரும் தவறுதான் ஆபத்து. நீங்களும் உங்கள் சீட்டு விழும்போது கையைத் தயங்கவிடாமல் ஒரே வேகத்தில் போட வேண்டும்.

கார்ட்னரின் பத்தி வந்த அதே 1978இல், ஜான் பொல்லார்டு என்ற பிரிட்டிஷ் கணிதவியலாளர் இதே கருத்தை ரகசியக் குறியீடுகளுக்கு அடிப்படையான ஒரு கணக்கில் பயன்படுத்தினார். அவர் இரண்டு கங்காருகளைக் கற்பனை செய்தார். வளர்ப்புக் கங்காரு எங்கே தொடங்கியது என்பது நமக்குத் தெரியும். காட்டுக் கங்காரு தொடங்கிய எண்தான் கண்டுபிடிக்க வேண்டிய ரகசியம். காட்டுக் கங்காரு நிற்கும் எண் நமக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு இடத்துக்கும் உரிய அடையாளம் ஒன்றைக் கணக்கிட முடியும். தாவலின் நீளத்தை அந்த அடையாளமே முடிவு செய்கிறது, சீட்டில் உள்ள எண் போல.

வளர்ப்புக் கங்காரு பல தடவை தாவி, கடைசியில் நின்ற இடத்தில் ஒரு குழி தோண்டுகிறது. அந்த இடம் 340 என்று வைத்துக்கொள்வோம். காட்டுக் கங்காரு வழியில் எங்காவது அதன் தடத்தை மிதித்துவிட்டால், தடத்தோடு போய் அதே குழியில் விழும். அதுவரை அது தாவிய தூரம் மொத்தம் 130 என்றால், தொடங்கிய இடம் 210. ரகசியம் வெளியே வந்துவிட்டது. எண் பத்து லட்சத்துக்குள் இருக்கிறது என்று தெரிந்தால், பத்து லட்சத்தையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டியதில்லை. அதன் வர்க்கமூலமான ஆயிரத்தை ஒட்டி, சில ஆயிரம் தாவல்களில் பிடித்துவிடலாம். ஆகவேதான் இவ்வகைக் குறியீடுகளை வடிவமைப்பவர்கள், வர்க்கமூலம் எடுத்த பிறகும் எந்தக் கணினியாலும் தாவி முடிக்க முடியாத அளவுக்குப் பெரிய எண்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.