ஆள் எடுப்பு நிறுத்தம்: ஆஃபர் லெட்டரோடு காத்திருப்பவர் என்ன செய்யலாம்?

“சந்தை நிலவரத்தையும் ஆர்டர் குறைந்திருப்பதையும் கருத்தில் கொண்டு, ஜூலை 14 முதல் புதிய ஆள் எடுப்பு நிறுத்தி வைக்கப்படுகிறது. வாடிக்கையாளர் பணிக்கு அத்தியாவசியமானவை தவிர மற்ற பயணங்களுக்கு அனுமதி இல்லை. இன்னும் பணியில் சேராதவர்களின் நியமனம் ஒத்திவைக்கப்படும். இந்த முடிவு செப்டம்பர் 30 அன்று மறுபரிசீலனை செய்யப்படும்.”

எந்த நிறுவனமும் அனுப்பக்கூடிய ஒரு மாதிரிச் சுற்றறிக்கை இது. படித்ததும் உள்ளே வேலை பார்ப்பவர்கள்தான் பதறுவார்கள். ஆனால், இதில் முதலில் அடிபடுபவர் அந்தச் சுற்றறிக்கை போய்ச் சேராத ஒருவர். ஆஃபர் லெட்டரை வாங்கி, ஒப்புதல் அனுப்பி, பழைய கம்பெனியில் பேப்பர் போட்டுவிட்டு, சேரும் நாளுக்காகக் காத்திருப்பவர். அவருக்கு விஷயம் ஹெச்.ஆரிடமிருந்து வரும் ஒரு போன்காலில்தான் தெரியும்: “ஜாயினிங் கொஞ்சம் தள்ளிப்போகுது, நாங்களே கூப்பிடுறோம்.”

இப்படிப்பட்ட சுற்றறிக்கையில் நான்கு விஷயங்களைத் தேட வேண்டும். காரணம் என்ன, யாருக்கு விலக்கு, எந்தத் தேதி வரை வாக்குக் கொடுக்கப்பட்டவர்கள் உள்ளே வரலாம், எப்போது மறுபரிசீலனை. கடைசி இரண்டும்தான் ஒரு ஆளின் தலையெழுத்தைத் தீர்மானிக்கின்றன.

அமெரிக்க மத்திய அரசின் அனுபவம் இதைத் தெளிவாகக் காட்டும். 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற அதிபர் டிரம்ப், அன்று நண்பகலில் காலியாக இருந்த சிவில் பணியிடங்களை நிரப்பக் கூடாது என்று குறிப்பாணை வெளியிட்டார். அதற்கு முன்பே வேலை வாக்குறுதி பெற்றவர்களில், பிப்ரவரி 8 அல்லது அதற்கு முன் சேரும் தேதி எழுத்தில் உறுதியானவர்கள் சேரலாம் என்று வழிகாட்டுதல் வந்தது. அதற்குப் பிறகு தேதி இருந்தவர்களும் தேதியே குறிக்கப்படாதவர்களும் துறையின் மறுஆய்வுக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒரே தேர்வு, ஒரே தகுதி; கடிதத்தில் இருந்த தேதி மட்டும் வேறு. பிறகு பிப்ரவரி 26 அன்று வந்த இன்னொரு ஆணை, மாநாடு போன்ற அத்தியாவசியமற்ற அரசுச் செலவிலான பயணத்துக்கு எழுத்துப்பூர்வமான காரணம் காட்ட வேண்டும் என்றது.

தொடக்கத்தில் அந்த ஆள் எடுப்பு நிறுத்தத்துக்குச் சொல்லப்பட்ட கெடு 90 நாள். அதற்குள் ஆள் குறைப்புத் திட்டம் தயாராக வேண்டும் என்பது ஏற்பாடு. ஏப்ரல் 17 அன்று அது ஜூலை 15 வரை நீட்டிக்கப்பட்டது. ஜூலை 7 அன்று மறுபடியும் அக்டோபர் 15 வரை நீட்டிக்கப்பட்டது. மறுபரிசீலனைத் தேதி என்பது முடிவுத் தேதி அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ‘செப்டம்பர் 30க்குப் பிறகு கூப்பிடுவார்கள்’ என்று நம்பி வேறு வேலை தேடாமல் இருப்பது ஆபத்து.

தேதியே இல்லாத தடை இன்னும் மோசம். தமிழ்நாட்டில் 2001 நவம்பரில் அரசுப் பணி நியமனங்களுக்குப் போடப்பட்ட தடை 2006 பிப்ரவரியில்தான் நீங்கியது. நான்கு ஆண்டுகளுக்கு மேல். படித்து முடித்த ஒரு தலைமுறை அதற்குள் வயது வரம்பைத் தாண்டியதால், பிறகு அரசே வயதில் ஐந்து ஆண்டு தளர்வு தர வேண்டிவந்தது. பணியில் இறந்த ஊழியர்களின் வாரிசுகள் கருணை அடிப்படையில் கேட்ட வேலைகளும் சிக்கி, பல வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போயின. கொரோனா காலத்தில், 2020 மே மாதத்தில் வந்த சிக்கன ஆணை புதிய பணியிடங்கள் உருவாக்குவதையும் அரசுச் செலவிலான பயணங்களையும் கட்டுப்படுத்தியது. மறுஆண்டு வயது வரம்பு இரண்டு ஆண்டுகள் உயர்த்தப்பட்டது. அரசு வேலைக்குக் காத்திருப்பவர் தடை முடிகிறதா என்பதோடு, இழந்த ஆண்டுகளுக்கு வயதுத் தளர்வு வருகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும்.

இனி தனியார் நிறுவனத்துக்கு வருவோம். இதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம்.

கோவையில் மாதம் 42,000 ரூபாய் வாங்கும் ஒரு தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர் என்று வைத்துக்கொள்வோம். சென்னை நிறுவனம் 60,000 தருவதாக ஆஃபர் அனுப்புகிறது. ஜூன் 5 அன்று மின்னஞ்சலில் ஒப்புக்கொள்கிறார். ஜூன் 6 அன்று பேப்பர் போடுகிறார். நோட்டீஸ் பீரியட் 60 நாள் என்பதால் ஆகஸ்ட் 5 ரிலீவிங், ஆகஸ்ட் 11 ஜாயினிங். இடையில் ஜூலை 14 அன்று மேலே சொன்ன சுற்றறிக்கை வருகிறது.

சட்டப்படி அவர் நிலை என்ன? 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஒப்புதலை அனுப்பும் வரைதான் ஆஃபர் தந்தவர் அதைத் திரும்பப் பெறலாம். ஜூன் 5 அன்று மெயில் போன பிறகு அது ஒப்பந்தம். ஆனால், அந்த ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தில் ‘வணிகத் தேவையைப் பொறுத்து இதை மாற்றவோ ரத்து செய்யவோ நிறுவனத்துக்கு உரிமை உண்டு’ என்ற வரி இருக்கலாம். அந்த வரி இருந்தால் அவர் கை அந்த அளவுக்குத் தாழ்கிறது. கையெழுத்துப் போடும் முன் தேட வேண்டிய வரி அது.

அந்த வரி இல்லை என்றே கொள்வோம். அப்போதும் ‘என்னை வேலைக்குச் சேர்த்தே ஆக வேண்டும்’ என்று நீதிமன்றத்தில் ஆணை வாங்குவது கடினம். தனிப்பட்ட சேவை ஒப்பந்தங்களைக் கட்டாயப்படுத்தி நிறைவேற்ற நீதிமன்றங்கள் பொதுவாக முன்வருவதில்லை. கிடைக்கக்கூடியது நஷ்டஈடு. அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து வேலையை முடித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தால், நஷ்டஈடும் வழக்கமாக அந்த நோட்டீஸ் காலச் சம்பளத்தோடு நின்றுவிடும். 1957இல் எஸ்.எஸ். ஷெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான். ஆக, நமது பொறியாளர் மூன்று மாதம் வேலையில்லாமல் இருந்தாலும் கையில் வரக்கூடியது ஒரு மாதச் சம்பளமான 60,000 ரூபாயை ஒட்டியே இருக்கலாம். அதற்கும் வக்கீல் நோட்டீஸ், பிறகு சிவில் நீதிமன்றம். இன்னும் பணியில் சேராதவர் என்பதால் தொழிலாளர் நீதிமன்றத்தை நாடுவதில் சிக்கல் உண்டு. வழக்குப் போட ஒப்பந்தம் மீறப்பட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம்.

அதனால்தான் ஜூலை 14க்கும் ஆகஸ்ட் 5க்கும் இடையிலுள்ள மூன்று வாரம் வழக்கைவிட மதிப்பு வாய்ந்தது. அந்த மூன்று வாரத்தில் அவர் இன்னும் பழைய கம்பெனியின் ஊழியர். வேறு விதி ஏதும் தடுக்காவிட்டால், பின்னொரு தேதியில் நடைமுறைக்கு வரும் ராஜினாமாவை அந்தத் தேதிக்கு முன் திரும்பப் பெறலாம் என்று அரசு, பொதுத்துறை ஊழியர்கள் வழக்குகளில் உச்ச நீதிமன்றம் பல முறை கூறியிருக்கிறது. தனியார் நிறுவனத்தில் நியமன ஆணையின் விதிகளையும், ராஜினாமா ஏற்கப்பட்டுவிட்டதா என்பதையும் பொறுத்து இது மாறும். ஆனாலும் கேட்டுப் பார்ப்பதில் இழப்பு ஏதும் இல்லை. வாய்மொழியாக மேனேஜரிடம் சொல்வது போதாது; “ஜூன் 6 தேதியிட்ட எனது ராஜினாமாவைத் திரும்பப் பெறுகிறேன்” என்று ஒற்றை வரி மெயிலாவது அன்றே போக வேண்டும். கௌரவம் பார்த்து ஒரு வாரம் தள்ளிப்போட்டால், அதற்குள் அந்த இடத்துக்கு ஆள் வந்திருப்பார்.

அதே நாளில் சென்னை நிறுவனத்துக்கும் ஒரு மெயில். ஆஃபர் ரத்தா, ஒத்திவைப்பா? ஒத்திவைப்பு என்றால் புதிய தேதி என்ன? செப்டம்பர் 30 மறுபரிசீலனையில் என் பணியிடமும் அடங்குமா? போனில் ஹெச்.ஆர். எவ்வளவு அன்பாகப் பேசினாலும், “நீங்கள் போனில் சொன்னபடி…” என்று தொடங்கி அதை எழுத்தில் அனுப்பி வையுங்கள். உங்கள் ஆஃபரை நம்பித்தான் இன்ன வேலையை விட்டேன், இன்ன வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தேன் என்பதையும் அதில் எழுதுங்கள். ஒப்பந்தம் செய்யும்போதே இரு தரப்புக்கும் தெரிந்திருந்த இழப்பையும் சட்டம் கணக்கில் எடுக்கிறது. எனவே ஒப்புதல் அனுப்பும்போதே இந்தத் தகவலைப் புதிய நிறுவனத்துக்கு எழுதிவைப்பவர் இன்னும் நல்ல நிலையில் இருப்பார். வேறு வேலை தேடியதற்கான சான்றுகளும் வேண்டும். இழப்பைக் குறைக்க முயன்றீர்களா என்று நீதிமன்றம் கேட்கும்.

சுற்றறிக்கையில் சொன்ன காரணத்தையும் பத்திரப்படுத்துங்கள். ‘ஆர்டர் குறைவு’ என்று எழுதிய நிறுவனம், ஆகஸ்டில் அதே பதவிக்கு வேலைவாய்ப்புத் தளத்தில் விளம்பரம் செய்தால், தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பேச்சுவார்த்தையில் வக்கீல் நோட்டீஸைவிட வேகமாக வேலை செய்வது அந்த ஒரு படம்தான். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் குறிப்பிட்ட வருமானத்துக்குக் கீழே உள்ளவர்களுக்கும் அங்கே சட்ட உதவி இலவசம்.

பயணத் தடை உள்ளே இருப்பவர்களின் பிரச்சினை. அதில் பணம் மாட்டுவது இரண்டு இடங்களில். ஜூலை 14க்கு முன்பே அனுமதி வாங்கி, சொந்தப் பணத்தில் டிக்கெட் எடுத்தவர், அந்த அனுமதி மெயிலையும் ரத்துக் கட்டண ரசீதையும் சேர்த்து உடனே கிளைம் போட வேண்டும். மாதக் கடைசி வரை வைத்திருந்தால் ‘தடைக் காலச் செலவு’ என்று திரும்பி வரும். இரண்டாவது, “நீ போயிட்டு வா, பிறகு பார்த்துக்கலாம்” என்று மேனேஜர் வாய்மொழியாக அனுப்பும் பயணம். செலவு திரும்பாமல் போவது சின்ன விஷயம். வழியில் விபத்து நேர்ந்தால், அது வேலை நிமித்தமான பயணமே அல்ல என்று இழப்பீட்டில் தகராறு எழலாம். டார்கெட் மட்டும் அப்படியே இருந்து பயணம் மட்டும் தடைபட்ட விற்பனைப் பிரதிநிதிகள்தான் இதில் அதிகம் சிக்குகிறார்கள். ‘இன்ன தேதியில் இன்ன ஊருக்குத் தங்கள் உத்தரவின்படி செல்கிறேன்’ என்ற ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது அனுப்பாமல் பஸ் ஏறாதீர்கள்.

ஆள் எடுப்பு நிறுத்தம் ஆட்குறைப்பு அல்ல என்பதையும் உள்ளே இருப்பவர்கள் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘ஃப்ரீஸ்’ என்ற பெயரைச் சொல்லி ஒரு தொழிலாளியை வெளியே அனுப்ப முடியாது. ஓராண்டு தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளியை ஆட்குறைப்பு செய்ய, குறைந்தது ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தர வேண்டும். முடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடாகவும் தர வேண்டும்.

அரசுத் தேர்வில் பட்டியலில் பெயர் வந்து நியமனம் நின்றுபோனவருக்கு வேறு வழி இருக்கிறது. தேர்வுப் பட்டியலில் இருப்பதாலேயே வேலைக்கு முழு உரிமை வந்துவிடாது, ஆனால் தகுந்த காரணமின்றி அரசு நியமனத்தை நிறுத்திவைக்கவும் கூடாது என்று 1991இல் சங்கர்சன் தாஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தக் காரணம் என்ன என்பதை அறிய, பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு போடலாம். தடை ஆணையின் நகல், விலக்குப் பட்டியல், மறுபரிசீலனைக் கோப்பின் நிலை, இன்றைய காலிப் பணியிட எண்ணிக்கை என்று தனித்தனியாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு அடுத்த 30 நாளுக்குள் எழுத வேண்டும். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட நேர்ந்தால் வக்கீல் முதலில் கேட்பது இந்தப் பதில்களைத்தான்.