டாலர் ஏறியும் நஷ்டம்: ஒரு ஒப்பந்த வரியின் கணக்கு

என் சித்தப்பா மகன் கோயம்புத்தூரில் ஒரு சின்ன யூனிட் நடத்துகிறான். அலுமினிய வார்ப்புகளை மெஷினிங் செய்து அமெரிக்காவில் உள்ள ஒரு பம்ப் கம்பெனிக்கு அனுப்புகிறான். விலை டாலரில், ஒப்பந்தம் வருடக்கணக்கில். ஒரு நாள் ராத்திரி போன் பண்ணி, "டாலர் ஏறுச்சுன்னா எக்ஸ்போர்ட்டருக்கு நல்லதுன்னுதானே எல்லாரும் சொல்றாங்க? எனக்கு மட்டும் ஏண்ணா கையக் கடிக்குது?" என்றான்.

எனக்குத் தொழில் சாஃப்ட்வேர். இறக்குமதி ஏற்றுமதி பற்றி ஏட்டறிவுதான். ஆனாலும் கேள்வி விடவில்லை. அவனுடைய ஒப்பந்தத்தை வாங்கி நாலைந்து ராத்திரி உட்கார்ந்து படித்தேன். பதில், நாணய மாற்று விகிதத்துக்காகச் சேர்த்திருந்த ஒரே ஒரு வரியில் இருந்தது. அதைத்தான் இங்கே குறித்து வைக்கிறேன். எண்களைக் கணக்குக்கு வசதியாக மாற்றியிருக்கிறேன்; கதை அதேதான்.

எதற்கு இந்த வரி?

2007 தொடக்கத்தில் ஒரு டாலர் 44 ரூபாய்க்குப் பக்கம் இருந்தது. அந்த வருடம் முடியும்போது 40க்குக் கீழே வந்துவிட்டது. பழைய விலைக்கு ஆர்டர் எடுத்தவர்களுக்குக் கையில் வந்த ரூபாய் பத்து சதவீதம் குறைந்தது. சின்ன யூனிட்டுகளில் பலருக்கு மொத்த லாபமே அவ்வளவுதான். எதிர்த்திசையிலும் நடக்கும். 2013 மே மாதம் 54 ரூபாய் அளவில் இருந்த டாலர் ஆகஸ்ட் கடைசியில் 68ஐத் தாண்டியது. அப்போது, "உங்களுக்கு இவ்வளவு கூடக் கிடைக்குதே, விலையைக் குறையுங்க" என்று வாங்குபவர்கள் கேட்டார்கள்.

இரண்டு பக்கத்துக்கும் நிம்மதி வேண்டும் என்றுதான் 'விகிதம் மாறினால் விலையும் மாறும்' என்று ஒப்பந்தத்தில் எழுதுகிறார்கள். தம்பியின் ஒப்பந்தத்திலும் அப்படித்தான் இருந்தது: டாலர் எத்தனை மடங்கு ஏறுகிறதோ, அதே விகிதத்தில் டாலர் விலை குறையும், இறங்கினால் கூடும். படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது.

முதல் தப்பு: முழு விலைக்கும் சரிக்கட்டுவது

ஒரு பீஸ் விலை 10 டாலர், ஒப்பந்தம் போட்ட நாளில் டாலர் 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கைக்கு வருவது 800 ரூபாய். அதில் அலுமினியம் 280, கூலி, கரண்ட், மெஷினிங், வாடகை, வட்டி எல்லாம் சேர்த்து 440, லாபம் 80.

இதில் கவனிக்க வேண்டியது அலுமினியம். தம்பி அதை உள்ளூரில், ரூபாயில்தான் வாங்குகிறான். ஆனால் உள்ளூர் விலையே லண்டன் மெட்டல் எக்ஸ்சேஞ்ச் விலையை டாலர் மதிப்பால் பெருக்கி வருவது. அதாவது அந்த 280 ரூபாய் உண்மையில் மூன்றரை டாலர். லண்டன் விலை அசையாமல் இருந்தாலும், டாலர் 88 ஆனால் அலுமினியம் 308 ரூபாய் ஆகிவிடும்.

இப்போது டாலர் 88. ஒப்பந்த வரிப்படி விலை 10லிருந்து 9.09 டாலராகக் குறைகிறது. கைக்கு வருவது அதே 800 ரூபாய். ஆனால் அலுமினியம் 308, மற்ற செலவு 440. மீதி 52. எண்பது ரூபாய் லாபம் ஐம்பத்திரண்டாகிவிட்டது. வாங்குபவர் ஏமாற்றவில்லை. கையெழுத்துப் போட்ட வரி தன் வேலையைச் செய்தது, அவ்வளவுதான்.

டாலர் 72க்கு இறங்கியிருந்தால் இதே வரி தம்பிக்கு 108 ரூபாய் லாபம் கொடுத்திருக்கும். ஆக, நாணய ஆபத்தைத் தவிர்க்கப் போட்ட வரி, 'டாலர் இறங்கும்' என்று கட்டிய பந்தயமாக மாறியிருக்கிறது.

சரி செய்வது எளிது. விலையில் ரூபாயைச் சார்ந்த பங்குக்கு மட்டும் சரிக்கட்ட வேண்டும். இங்கே அது கூலி வகையறா 440, லாபம் 80, ஆக 520. எண்ணூறில் அது 0.65 பங்கு. அந்தப் பங்கை w என்று வைத்தால்:

```
P1 = P0 × (1 − w + w × R0 / R1)
```

P0 பழைய டாலர் விலை, R0 அடிப்படை விகிதம், R1 புது விகிதம். கையோடு சோதித்தும் பார்க்கலாம்:

```python
P0, R0, w = 10.0, 80.0, 0.65
for R in (72, 80, 88):
    P = P0 * (1 - w + w * R0 / R)
    print(R, round(P, 3), round(P*R - 3.5*R - 440, 1))
```

டாலர் 72 ஆனால் விலை 10.722, 88 ஆனால் 9.409. இரண்டிலும் லாபம் அதே 80 ரூபாய். எந்த ஒப்பந்த வரியையும் கையெழுத்துக்கு முன் இப்படி மூன்று விகிதம் போட்டுப் பார்த்துவிடலாம். கடைசி எண் ஆடினால் வரியில் கோளாறு என்று அர்த்தம்.

இரண்டாவது தப்பு: இரண்டு குடை

52 ரூபாயாவது மிஞ்சியிருக்க வேண்டுமே, தம்பிக்கு ஏன் கை கடித்தது? நோண்டிக் கேட்டபோதுதான் இன்னொன்றைச் சொன்னான். "பாதுகாப்புக்கு இருக்கட்டும்னு பேங்க்ல ஃபார்வர்டும் போட்டு வெச்சிருந்தேண்ணா."

வரப்போகும் டாலரை இன்றைக்கே ஒரு விலை பேசி பேங்குக்கு விற்று வைப்பதுதான் ஃபார்வர்ட் கான்ட்ராக்ட். பீஸுக்கு 10 டாலர் கணக்கில், 82 ரூபாய்க்குப் பேசியிருந்தான். டாலர் 88 ஆனது. விலை குறைந்ததால் வந்தது 9.09 டாலர்தான், அதை 82க்குக் கொடுத்தால் சுமார் 745 ரூபாய். கொடுக்க முடியாத 0.91 டாலருக்கு கான்ட்ராக்டை ரத்து செய்ய வேண்டும்; டாலருக்கு 6 ரூபாய் வித்தியாசம், அதில் ஐந்தரை ரூபாய் போனது. மீதி 740. செலவு 748. பீஸுக்கு எட்டு ரூபாய் நஷ்டம்.

டாலர் ஏற்றத்தின் பலனை ஒப்பந்த வரி மூலம் வாங்குபவருக்குக் கொடுத்துவிட்டான். அதே பலனை ஃபார்வர்ட் மூலம் பேங்குக்கும் கொடுத்துவிட்டான். ஒரே பலனை இரண்டு பேருக்குக் கொடுத்தால் நடுவில் இருப்பவன்தான் கைக்காசு போட வேண்டும். இரண்டு குடை பிடித்தும் நனைந்த கதை.

ஒப்பந்தத்தில் இந்த வரி இருந்தால் வருடம் முழுவதற்கும் ஃபார்வர்ட் போடக் கூடாது. வரி காப்பாற்றாத இடம் ஒன்று உண்டு: இன்வாய்ஸ் போட்ட நாளிலிருந்து பணம் வரும் நாள் வரை. தம்பிக்கு அது 60 நாள். அப்போது விலை உறுதியாகிவிட்டது, அலுமினியத்துக்கும் ரூபாயில் பணம் கொடுத்தாகிவிட்டது. ஆகவே அந்த இன்வாய்ஸ் தொகை முழுதுக்கும், அந்த 60 நாளுக்கு மட்டும் ஃபார்வர்ட் போட்டால் போதும்.

வரம்பு எங்கிருந்து?

பத்து பைசா மாறினால் விலை மாற்ற யாரும் விரும்ப மாட்டார்கள். அதனால் 'மூன்று சதவீதத்துக்குள் மாறினால் விலை மாறாது' என்பது போல ஒரு வரம்பு வைப்பார்கள். நம் கணக்கில் 77.60லிருந்து 82.40 வரை. இங்கேதான் சாஃப்ட்வேர்க்காரனுக்கு மூக்கு வேர்க்கும். வரம்பைத் தாண்டியதும் எங்கிருந்து கணக்கிடுவது? 80லிருந்தா, 82.40லிருந்தா?

80லிருந்து என்றால், 82.40 வரை விலை அப்படியே இருக்கும், 82.50 ஆனதும் ஒரேயடியாக இருபது சென்ட் குறையும். பத்து பைசாவுக்காக இருபது சென்ட்! எந்த நாளின் விகிதம், யாருடைய விகிதம் என்று சண்டை வருவது இந்த மாதிரிப் படிக்கட்டில்தான். விளிம்பிலிருந்து கணக்கிட்டால், அதாவது சூத்திரத்தில் R0க்குப் பதில் மேலே போகும்போது 82.40ம் கீழே போகும்போது 77.60ம் போட்டால், படிக்கட்டே இல்லை. டாலர் எங்கே போனாலும் லாபம் 64 ரூபாய்க்குக் கீழே போகாது, 96க்கு மேலேயும் போகாது. அந்த ஆட்டம் எவ்வளவு தாங்கும் என்று பார்த்து வரம்பை வைத்துக்கொள்ளலாம்.

எழுதியே ஆக வேண்டியவை

விகிதம் எங்கிருந்து எடுப்பது என்று பெயரோடு எழுத வேண்டும். எஃப்.பி.ஐ.எல். நிறுவனம் வேலை நாட்களில் மதியம் வெளியிடும் டாலர்-ரூபாய் குறிப்பு விகிதம் இருபக்கமும் பார்க்கக்கூடியது. 2018 வரை ரிசர்வ் வங்கியே வெளியிட்டது. ஒரு நாள் விகிதம் வேண்டாம். முந்தைய காலாண்டின் சராசரி நல்லது.

சதவீதத்தையும் 'ஒரு டாலருக்கு இத்தனை ரூபாய்' என்ற கணக்கில்தான் எழுத வேண்டும். 80லிருந்து 88 என்பது டாலருக்குப் பத்து சதவீத ஏற்றம். ரூபாய்க்கு ஒன்பது சதவீத இறக்கம். 'பத்து சதவீதம் மாறினால்' என்று மட்டும் எழுதினால் ஆளுக்கொரு கணக்கு வரும்.

புது விலை எதற்குப் பொருந்தும் என்பதும் வேண்டும். ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட பர்ச்சேஸ் ஆர்டருக்குப் பழைய விலை, காலாண்டு தொடங்கிய பின் வரும் ஆர்டருக்குப் புது விலை என்று ஒரு வாக்கியம் போதும். அலுமினியத்தின் லண்டன் விலை மாறுவது தனிக் கதை. அதற்குத் தனி வரி வேண்டும், இதோடு கலக்கக் கூடாது. ஆங்கில வாசகத்தை மட்டும் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

பேசியது

புதுப்பிக்கும் நேரத்தில் தம்பி இந்த சூத்திரத்தோடு போனான். "0.65 என்பதற்கு ஆதாரம் என்ன, காஸ்ட் ஷீட் காட்டுங்கள்" என்றார்கள். அவனுக்குக் காட்ட இஷ்டமில்லை. லாபம் எவ்வளவு என்று தெரிந்தால் அடுத்த பேச்சு அதைப் பற்றித்தான் இருக்கும். கடைசியில் ஷீட் எதுவும் வேண்டாம், 0.60 என்று ஒரு எண்ணை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம் என்று முடிந்தது.

"அஞ்சு பாயின்ட் விட்டுட்டேண்ணா" என்று வருத்தப்பட்டான். வரம்பை விட்டுவிட்டு, சூத்திரத்தை மட்டும் ஓட்டிப் பார்த்தோம். டாலர் 72 ஆனால் லாபம் 76, 88 ஆனால் 84. எண்பதுக்கு இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. w கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் மோசமில்லை. அதை எழுதாமல் விட்டால், அதாவது ஒன்று என்று வைத்தால்தான் 52.

மறுநாள் காலையில் முதல் வேலையாக பேங்குக்குப் போனான், மீதி இருந்த ஃபார்வர்டுகளை என்ன செய்வது என்று கேட்க.